கைப்பிடியில் இரட்டை முக்கோணம் இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்தது. அறையில் மின்விசிறிச் சுவிட்ச் மூன்று நாளாகத் தகராறு செய்கிறது. தட்டினால் விசிறி ஓடுகிறது. கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. புதுச் சுவிட்ச் வாங்கி வந்தாகிவிட்டது. வீட்டுக்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஸ்குரு டிரைவரை எடுக்கிறார்.

"அப்பா, ஷாக் அடிக்காதா?" என்று கேட்கிறான் பையன்.

"பிடி பிளாஸ்டிக்டா. ஒன்றும் செய்யாது" என்கிறார் அப்பா.

பல வீடுகளில் கேட்கிற பேச்சுதான் இது. பிடி பிளாஸ்டிக்தான், சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கை நம்பி மின்சாரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோகலாமா? அந்தப் பிடி எதற்காகச் செய்யப்பட்டது? அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வகைப் பிடிகள்

கடையில் மாட்டி வைத்திருக்கும் ஸ்குரு டிரைவர்களில் பெரும்பாலானவை சாதாரண வேலைக்குச் செய்யப்பட்டவை. கதவுக் கீலை முடுக்கலாம். நாற்காலிக் காலை இறுக்கலாம். அவற்றின் பிளாஸ்டிக் பிடி, கை வழுக்காமல் இருப்பதற்காக வைத்தது. பிடிக்குக் கீழே உள்ள இரும்புத் தண்டு முழுவதும் வெறுமையாக இருக்கும். சிலவற்றில் அந்தத் தண்டு பிடியின் உள்ளே புகுந்து, மறுமுனையில் இரும்புத் தொப்பியாக வெளியே வரும். சுத்தியலால் அடிப்பதற்கு அது வசதி. மின்சார வேலைக்கு அதுவே எமன். நுனியில் மின்சாரம் பட்டால், அது நேரே உள்ளங்கைக்கு வந்துவிடும்.

கட்டிங் பிளேயரும் இப்படித்தான். கை நோகாமல் இருக்க அதன் இரண்டு கால்களுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். சிலவற்றில் உறையைப் பிடித்து இழுத்தால் கழன்றே வந்துவிடும். அப்படிப்பட்ட உறையை மின்சாரத்துக்குத் தடுப்பு என்று யாரும் சோதித்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

மின்சார வேலைக்கென்றே செய்த கருவிகள் வேறு. ஸ்குரு டிரைவரில் பிடியோடு நிற்காமல், தண்டின் மேலும் கெட்டியான உறை இறங்கி வரும். நுனியில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் இரும்பு வெளியே தெரியும். பிளேயரில் கால் உறை கெட்டியாக, கழலாமல் இருக்கும். உறை முடிகிற இடத்தில் ஒரு விளிம்பு மேடாக எழும்பி நிற்கும். விரல் வழுக்கி இரும்பின் மேல் போகாமல் அந்த விளிம்புதான் தடுக்கிறது.

இவற்றை அடையாளம் காண ஒரு முத்திரை உண்டு. ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு முக்கோணங்கள். பக்கத்தில் 1000 என்ற எண். அதை ஒட்டி 'வி' என்ற ஆங்கில எழுத்து. ஐ.இ.சி. 60900 என்ற உலகத் தரத்தின்படி செய்த கருவி என்பதற்கு அது அடையாளம். 1,000 வோல்ட் வரை பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். இந்தத் தரத்தின்படி ஒவ்வொரு கருவியையும் 10,000 வோல்ட்டில் சோதித்த பிறகே வெளியே அனுப்பவேண்டும். பத்தில் ஒன்றை எடுத்துச் சோதிப்பது அல்ல; ஒவ்வொன்றையும்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தானே, அதற்கு 10,000 வோல்ட் சோதனை எதற்கு என்று கேட்கலாம். உறைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையோ காற்றுக் குமிழியோ இருந்தால், குறைந்த அழுத்தத்தில் அது தெரியாமல் போகும். அதிக அழுத்தத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான்.

இந்த முத்திரையைப் போலியாகவும் அச்சடிக்க முடியும். ஆகவே, தயாரித்தவர் பெயரும் தர எண்ணும் கருவியிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். தெரிந்த எலெக்ட்ரிகல் கடையில், பில் போட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு எவை போதும்?

பெட்டி நிறைய வாங்கவேண்டாம். சுவிட்சின் உள்ளே கம்பியை இறுக்கும் சின்னத் திருகுக்கு, நுனி சுமார் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்குரு டிரைவர் ஒன்று. பலகையின் திருகுக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் அகலமுள்ளது ஒன்று. கூட்டல் குறி போன்ற தலையுள்ள திருகுகளுக்கு 2-ஆம் எண் நட்சத்திர நுனி ஒன்று. எட்டு அங்குலக் கட்டிங் பிளேயர் ஒன்று. இவ்வளவு போதும்.

நுனி திருகின் காடியில் ஆடாமல் உட்காரவேண்டும். சின்ன நுனியை வைத்துப் பெரிய திருகைத் திருப்பினால் நுனி வழுக்கும். வழுக்கின நுனி பக்கத்துக் கம்பியின் மேல் போய் நிற்கும். எவ்வளவு நல்ல உறையாக இருந்தாலும், நுனி இரும்புதான் என்பதை மறக்கக்கூடாது. மின்சாரம் வரும் பேஸ் கம்பியையும், திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியையும் அந்த இரும்பு ஒரே நேரத்தில் தொட்டால், 'பட்' என்று தீப்பொறி பறக்கும். முகம் வேகும், கண் பாதிக்கப்படும். இதற்கு எந்த உறையும் தடுப்பு அல்ல.

காலுக்குக் கீழே என்ன?

அடுத்தது ரப்பர் விரிப்பு. மின்சாரம் கை வழியாக உடம்பில் ஏறி, கால் வழியாகத் தரைக்கு இறங்கப் பார்க்கும். காலுக்கும் தரைக்கும் நடுவே தடுப்புப் போடுவதுதான் விரிப்பின் வேலை.

வாசலில் கிடக்கும் கால்மிதி இதற்கு உதவாது. பழைய டயரில் வெட்டிய துண்டும் உதவாது. "ரப்பர்தானே?" என்று நினைக்கலாம். டயர் தேயாமல் உழைப்பதற்காக அதில் கரித்தூள் சேர்க்கிறார்கள். கரி மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. போதாததற்குப் பல டயர்களின் உள்ளே எஃகுக் கம்பியும் உண்டு. எல்லா ரப்பரும் மின்சாரத்தைத் தடுக்காது.

மின்சார வேலைக்கான விரிப்புக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 15652 என்ற தரம் 2006-ல் வகுக்கப்பட்டது. அதில் பல வகுப்புகள் உண்டு. வீட்டுக்கு 'ஏ' வகுப்பே தாராளம். அது 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. 3,300 வோல்ட் வரையுள்ள இடங்களுக்கானது. அதைவிட உயர்ந்த வகுப்புகள் மின்நிலையங்களுக்கு வேண்டியவை. தடிமன் அதிகமாக இருக்கிறது என்பதற்காகச் சாதாரண விரிப்பை வாங்காதீர்கள். விரிப்பிலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும், வகுப்பும், தயாரித்தவர் பெயரும் இருக்கவேண்டும். இரண்டு கால்களையும் தாராளமாக வைத்து நிற்க, ஒரு மீட்டர் நீளம் போதும்.

விரிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அது காலை மட்டுமே காக்கும். வலது கை பேஸ் கம்பியில் படும்போது இடது கை ஈரச் சுவரையோ, தண்ணீர்க் குழாயையோ, இரும்புப் பீரோவையோ பிடித்திருந்தால் விரிப்பால் பயனில்லை. மின்சாரம் கைக்குக் கை பாய்ந்துவிடும். நடுவில் இருப்பது மார்பு.

அப்போது எவ்வளவு பாயும்? கைக்குக் கை உடம்பின் தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டுக்கு 230 மில்லி ஆம்பியர் பாயும். வீடுகளில் உயிர்காப்புக்காகப் பொருத்துகிற ஆர்.சி.சி.பி. என்ற கருவி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி செய்யப்பட்டது. அதைவிட ஏழு மடங்குக்கு மேல் இது!

இன்னொன்று. விரிப்பின்மேல் நின்றுகொண்டு ஒரு கையால் பேஸ் கம்பியையும் மறு கையால் நியூட்ரல் கம்பியையும் தொட்டால், அந்த ஆர்.சி.சி.பி.யும் உதவாது. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது. தரைக்குக் கசிவு இல்லை. ஏதோ ஒரு விளக்கு எரிகிறது என்றே அது நினைத்துக்கொள்ளும்.

சுவிட்ச் மாற்றிய கதை

இனி நம் வீட்டுக்காரரைப் பார்ப்போம். அவர் நல்ல கருவிகளையே வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரட்டை முக்கோண ஸ்குரு டிரைவர் கையில்; 'ஏ' வகுப்பு விரிப்பு காலடியில். மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டார். பலகையைக் கழற்றி, டெஸ்டரைச் சுவிட்சின் திருகில் வைக்கிறார். விளக்கு எரியவில்லை. "கரண்ட் இல்லை" என்று திருகில் கையை வைக்கப் போகிறார்.

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வருகிறது: "ஏங்க, மெயினை அணைச்சாச்சுன்னு சொன்னீங்களே? கூடத்துல பேன் ஓடுதே!"

அவர் கை அப்படியே நின்றுவிடுகிறது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை அணைத்தால், ஊரில் மின்சாரம் போய்விட்டது என்று இன்வெர்ட்டர் எண்ணிக்கொள்ளும். உடனே பாட்டரியிலிருந்து விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். வீட்டுக்காரர் கழற்றிய சுவிட்சிலும் மின்சாரம் இருக்கத்தான் செய்கிறது. பாட்டரியிலிருந்து வருகிறது என்பதால் சாது என்று எண்ணவேண்டாம். அதுவும் ஏறத்தாழ அதே 230 வோல்ட்தான்.

அப்படியானால் டெஸ்டர் ஏன் எரியவில்லை?

டெஸ்டரின் உள்ளே ஒரு சின்ன நியான் விளக்கும், சுமார் பத்து லட்சம் ஓம் தடையும் இருக்கின்றன. நாம் அதன் தலையில் விரலை வைக்கும்போது, மிக மிகச் சிறிய மின்னோட்டம் நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது. ஒரு மில்லி ஆம்பியரில் கால் பங்குகூட இராது. அதனால் நமக்குத் தெரிவதில்லை. அந்த ஓட்டத்தில்தான் விளக்கு எரிகிறது.

நல்ல ரப்பர் விரிப்பின்மேல் நின்றால் அந்தச் சிறிய ஓட்டமும் தடைப்படுகிறது. விளக்கு மங்கிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் எரிகிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரியாமல் போகலாம். காய்ந்த மர ஸ்டூலின்மேல் நின்றாலும் இதே கதைதான். உயிரைக் காக்க வாங்கிய விரிப்பு, டெஸ்டரை ஊமையாக்கிவிட்டது!

விரிப்பைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். சோதிக்கும் முறையை மாற்றிக்கொண்டால் போதும்.

வேலை தொடங்குமுன், மின்சாரம் இருக்கும்போதே, அதே விரிப்பில் நின்று அதே டெஸ்டரைப் பக்கத்துப் பிளக் துளையில் வைத்துப் பாருங்கள். கையால் மறைத்து நிழல் செய்து பாருங்கள். அங்கே தெளிவாக எரியாவிட்டால், அந்த இடத்தில் அந்த டெஸ்டரை நம்பக்கூடாது.

அதைவிட நல்லது, இரண்டு முனையுள்ள சோதனைக் கருவி. மல்டிமீட்டரோ, இரட்டை முனை டெஸ்டரோ எதுவானாலும் சரி. ஒரு முனையைச் சுவிட்சின் திருகிலும், மறு முனையை அதே பலகையிலுள்ள பிளக்கின் நியூட்ரல் துளையிலும் வைக்கவேண்டும். பிறகு எர்த் துளையிலும் வைத்துப் பார்க்கவேண்டும். அளவு பார்க்க நம் உடம்பு தேவையில்லை. காலடியில் விரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒன்றுபோலவே காட்டும். இதையும் முதலில் மின்சாரம் உள்ள பிளக்கில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

இப்போது நம் வீட்டுக்காரர் மறுபடி தொடங்குகிறார். மெயின் அணைந்தே இருக்கிறது. இன்வெர்ட்டரின் சுவிட்சையும் அணைக்கிறார். கூடத்து விசிறி நிற்கிறது. "யாரும் மெயினைத் தொடக்கூடாது" என்று சொல்லி, பையனை மெயின் பக்கத்தில் நிறுத்துகிறார். மீட்டரைச் சுவிட்சின் இரண்டு திருகுகளிலும் வைத்துப் பார்க்கிறார். எதிலும் அளவு காட்டவில்லை. அதன் பிறகே திருகைத் தளர்த்துகிறார். எந்தக் கம்பி எந்தத் திருகில் இருந்தது என்று பார்த்து, அதே மாதிரி புதிய சுவிட்சில் மாட்டி இறுக்குகிறார். ஒவ்வொரு கம்பியையும் மெதுவாக இழுத்துப் பார்க்கிறார். பலகையை மூடிய பிறகே மெயினைப் போடச் சொல்கிறார்.

மின்சாரத்தை அணைத்தாகிவிட்டதே, உறை போட்ட கருவியும் விரிப்பும் இன்னும் எதற்கு? நாம் செய்த தவறு நமக்கே தெரியாமல் இருந்தால், அப்போது காப்பதற்கு. அணைப்பதும் சோதிப்பதும் முதல் காவல். கருவியும் விரிப்பும் இரண்டாவது காவல். இரண்டாவது இருக்கிறது என்று முதலாவதை விட்டுவிடக்கூடாது.

வீட்டுக்காரர் செய்துகொள்ளக்கூடிய வேலைக்கும் ஓர் எல்லை உண்டு. விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை இருந்தபடியே மாற்றுவதை 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் விலக்கி வைத்தன. 2010-ல் வந்த ஒழுங்குமுறைகளும் அப்படியே வைத்தன. புதிய வயர் இழுப்பது, புதிய பாயின்ட் போடுவது, மெயின் பலகையைத் திறப்பது எல்லாம் உரிமம் பெற்றவர் வேலை. கையில் நல்ல கருவி இருக்கிறது என்பதற்காக அதில் இறங்கவேண்டாம்.

பழுது தெரிவது எப்படி?

நல்ல கருவியும் பராமரிக்காவிட்டால் கெட்டுப்போகும். ஒவ்வொரு முறையும் எடுக்கும்போது, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். உறையில் வெட்டு, விரிசல், கொப்புளம், உருகிய தடம் எதுவும் இருக்கக்கூடாது. பிளேயரின் உறையை இழுத்து, முறுக்கிப் பாருங்கள். அசைந்தால் அது மின்சார வேலைக்கு ஆகாது. சில கருவிகளில் உறை இரண்டு நிறமாக இருக்கும். மேலே சிவப்பு, உள்ளே மஞ்சள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலுறை தேய்ந்து உள்நிறம் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

விரிசலின்மேல் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். டேப் விரிசலை மறைக்கும். மின்சாரத்தைத் தடுக்கும் என்று சொல்வதற்கில்லை. அந்தக் கருவியை மின்சாரப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். கதவுக் கீலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் கலந்துவிடாதபடி அதில் ஓர் அடையாளம் போட்டுவையுங்கள். கருவி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, மின்சாரக் கம்பியைத் தொட்டுப் பரீட்சை செய்வது மட்டும் ஒருநாளும் கூடாது.

மின்சார ஸ்குரு டிரைவரை உளிபோல் வைத்துச் சுத்தியலால் அடிக்காதீர்கள். பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பாதீர்கள். பிளேயரால் அடுப்பிலிருக்கும் சூடான பாத்திரத்தை இறக்காதீர்கள். உறை இளகிவிடும்.

வேலை முடிந்ததும் ஈரத்தையும் வியர்வையையும் பழந்துணியால் துடைத்து வையுங்கள். உறையின்மேல் அழுக்கும் ஈரமும் படிந்தால், மின்சாரம் உறையைத் துளைக்காமலேயே மேற்பரப்பு வழியாகக் கைக்கு வரக்கூடும். அழுக்கைப் போக்க மண்ணெண்ணெயோ, பெட்ரோலோ, பெயிண்ட் தின்னரோ வேண்டாம். அவை உறையைக் கெடுக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். பிறகு நன்றாகக் காயவேண்டும். பிளேயர் மூட்டுக்கு எண்ணெய் வேண்டுமானால் ஒரே ஒரு சொட்டு விட்டு, வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள்.

விரிப்புக்கு எதிரிகள் எண்ணெய், வெயில், மடிப்பு ஆகிய மூன்றும்தான். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி, பிசுபிசுக்கும். வெயிலில் கிடந்தால் வெடிக்கும். மடித்து வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் முதலில் விரிசல் காணும். கோரைப்பாயைப் போலச் சுருட்டி, நிழலில் வையுங்கள். மேலே கனமான சாமானை ஏற்றாதீர்கள். கழுவினால் நிழலில் காயவிடுங்கள்.

விரிப்பை எடுக்கும்போதெல்லாம் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கையால் லேசாக வளைத்துக்கொண்டே பாருங்கள். மேலே தெரியாத மயிரிழை விரிசல் வளைக்கும்போது வாய் திறக்கும். அடிப்புறத்தையும் பாருங்கள். ஆணி குத்திய ஓட்டை ஒன்று இருந்தாலும் அந்த விரிப்பு தள்ளுபடிதான். விரிக்குமுன் தரையைப் பெருக்குங்கள். ஒரு கம்பித் துண்டு கிடந்தால் போதும், விரிப்பைக் குத்திவிடும். ஈரத் தரையில் விரிக்காதீர்கள். செருப்போடு அதன்மேல் நடமாடாதீர்கள். நாளடைவில் அது வாசல் கால்மிதியாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நம் வீட்டுக்காரர் வேலையை முடித்துவிட்டார். விசிறி தகராறு இல்லாமல் ஓடுகிறது. கருவிகளைத் துடைத்துத் தனிப் பெட்டியில் வைக்கிறார். விரிப்பைச் சுருட்டிப் பீரோவின் மேல் வைக்கிறார். பெட்டி மூடியின் உட்புறத்தில் பையன் ஒரு காகிதத்தை ஒட்டுகிறான். அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது:

"மெயினை அணை. இன்வெர்ட்டரை அணை. மீட்டர் வைத்துப் பார். பிறகு தொடு."